மடிக்கணினியில் கேட்கும் 'கீச்', 'டக்' ஓசைகள்: எதைப் பொருட்படுத்த வேண்டாம், எது ஆபத்தின் அறிகுறி?

இரவு நேரம். மின்விசிறியும் நிறுத்தப்பட்டு அறை அமைதியாக இருக்கும்போதுதான் மடிக்கணினி எழுப்பும் ஓசைகள் பலரின் காதுக்கு எட்டுகின்றன. இணையப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய கீச்சொலி கேட்கும். சில நேரங்களில் கணினியின் உட்புறத்தில் யாரோ நகத்தால் தட்டுவதைப் போல 'டக்' என்ற ஒலி எழும்.

இவற்றில் முதலாவது ஓசையைக் கேட்டுப் பதறுவோர் அதிகம். உண்மையில் பதற வேண்டியது இரண்டாவது ஓசைக்குத்தான். அதுவும் எல்லா நேரமும் அல்ல. எந்த உறுப்பு, எதனால் ஒலி எழுப்புகிறது என்பது தெரிந்தால், இவ்விரண்டையும் வீட்டிலேயே பிரித்தறிய முடியும்.

கீச்சொலி எங்கிருந்து வருகிறது?

மடிக்கணினியின் சார்ஜர் பொதுவாக 19 அல்லது 20 வோல்ட் மின்னழுத்தத்தை வழங்குகிறது. ஆனால் கணினியின் செயலிக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 1 வோல்ட் மட்டுமே. இந்தக் குறைப்பைச் செய்யும் மின்சுற்று, தாய்ப்பலகையில் செயலிக்கு அருகிலேயே அமைந்துள்ளது. அது மின்சாரத்தை விநாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி, சிறிய கம்பிச்சுருள்கள் வழியாகச் செலுத்துகிறது.

கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டம் மாறும்போதெல்லாம் அதைச் சூழ்ந்த காந்தப்புலமும் மாறுகிறது. அதன் விசையால் கம்பியும் உள்ளகமும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்கின்றன. அருகில் உள்ள பீங்கான் மின்தேக்கிகளும் மின்னழுத்தம் மாறும்போது மிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கி, தாம் பற்றவைக்கப்பட்டுள்ள பலகையையே அதிரச் செய்கின்றன. 'காயில் வைன்' எனப்படும் கீச்சொலி இதுவே. பெயரில் சுருள் மட்டும் இருந்தாலும், பல மடிக்கணினிகளில் ஒலியின் பெரும்பங்கு மின்தேக்கிகளிலிருந்தே வருகிறது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். மனிதக் காது விநாடிக்கு 20 முதல் 20 ஆயிரம் வரையிலான அதிர்வுகளையே கேட்கக்கூடியது. பல லட்சம் முறை நிகழும் அதிர்வு எவ்வாறு காதில் விழும்? கணினியின் வேலைப்பளு ஒரே சீராக இருப்பதில்லை என்பதே இதற்கான விடை. மின்சாரத்தை மிச்சப்படுத்த, செயலி விநாடிக்கு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான முறை உறங்கி விழிக்கிறது. ஒவ்வொரு முறையும் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் வேகம், காது கேட்கும் எல்லைக்குள் வந்து விழுகிறது.

பக்கத்தை நகர்த்தினால் ஒலி கேட்பதும், கையை எடுத்தால் நின்றுவிடுவதும் இதனால்தான். விளையாட்டுச் செயலிகளின் முகப்புத் திரையில் ஒலி கூடுதலாகக் கேட்பதுண்டு. அங்கே காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாததால், வரைகலை அட்டை விநாடிக்கு நூற்றுக்கணக்கான படச்சட்டங்களைத் தேவையின்றி வரைந்து தள்ளுகிறது.

இந்த ஒலியால் உறுப்புகள் பழுதாவதில்லை. புத்தம் புதிய கணினியிலும் இது உண்டு. ஆண்டுக்கணக்கில் அதே ஒலியுடன் உழைக்கும் கணினிகளும் உண்டு. உற்பத்தி நிறுவனங்கள் பெரும்பாலும் இதை இயல்பான ஒன்றாகவே கருதுவதால், உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தருவது அரிது. மாற்றிப் பெற்ற கணினியிலும் ஒலி வராது என்பதற்கு உறுதி இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் கேட்கும் ஒலி பெற்றோருக்குக் கேட்காமல் போவதும் வழக்கமே. வயது ஏற ஏற, உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் குறைகிறது என்பதே அதற்குக் காரணம்.

தொல்லையாக உணர்வோர் அதைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன. விளையாட்டுகளின் அமைப்புகளில் படச்சட்ட வேகத்தை 60 என வரம்பிடலாம். விண்டோஸின் மின் அமைப்புகளில் Maximum processor state என்பதை 99 சதவீதமாக மாற்றினால், செயலி தனது இயல்பு வேகத்தைத் தாண்டித் துள்ளுவது நின்று, பல கணினிகளில் ஒலியும் தணிகிறது. கடினமான பணிகளில் வேகம் ஓரளவு குறையும் என்பது இதற்கான விலை.

'டக்' ஒலியின் இரு முகங்கள்

அடுத்தது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. இப்போது விற்பனையாகும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அசையும் பாகங்களே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்துடன் வருகின்றன. ஆயினும் சில ஆண்டுகள் பழைய கணினிகளிலும், பழைய பொருள் சந்தைகளில் கைமாறும் கணினிகளிலும் வன்தட்டு இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. தங்கள் கணினியில் இருப்பது எது என அறிய, Ctrl + Shift + Esc விசைகளை அழுத்தி Task Manager-ஐத் திறந்து, Performance பகுதியில் Disk 0 என்பதைப் பார்த்தால் போதும். அதன் கீழ் HDD அல்லது SSD எனக் குறிக்கப்பட்டிருக்கும். எஸ்எஸ்டி மட்டுமே உள்ள கணினியில் 'டக்' ஒலி கேட்டால், அது சேமிப்பகத்திலிருந்து வரவில்லை என்று உறுதியாகக் கூறலாம்.

மடிக்கணினி வன்தட்டின் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல் மிதந்தபடி வாசிப்பு முனை தரவுகளைப் படிக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் இந்த இடைவெளியைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியது. கணினி சற்று ஓய்வாக இருக்கும்போது, முனை தட்டை விட்டு விலகி ஓரத்தில் உள்ள சரிவுமேடையில் ஏறி நின்றுகொள்கிறது. அப்போது எழும் மெல்லிய 'டக்' இயல்பானது. கோப்பைத் திறக்கும்போது கேட்கும் 'கரகர' ஒலியும் முனை இங்குமங்கும் நகர்வதன் அடையாளமே.

இவ்வாறு மேடை ஏறி இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பல மடிக்கணினி வன்தட்டுகள் 6 லட்சம் முறைக்கு வடிவமைக்கப்படுகின்றன. நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் நாளுக்கு 8 மணி நேரம் இது நிகழ்ந்தால், நாளொன்றுக்கு 480 முறை. 6 லட்சத்தை எட்ட மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் ஆகும். அந்த எண்ணைக் கடந்ததும் வன்தட்டு நின்றுவிடும் என்பதில்லை. எனினும் சில விநாடிகளுக்கு ஒருமுறை 'டக்' ஒலி கேட்கும் கணினியில், மின்சேமிப்பு அமைப்பைத் தளர்த்துவது நல்லது.

நம் நாட்டுச் சூழலில் கூடுதல் கவனம் வேண்டியது மற்றொரு ஒலிக்கு. பேட்டரி முற்றிலும் செயலிழந்த மடிக்கணினியைச் சார்ஜரில் மட்டுமே வைத்து இயக்குவோர் பலர். மின்வெட்டு ஏற்பட்ட கணமே கணினி அணையும். உடன் சற்று உரத்த 'டக்' ஒலி கேட்கும். சுழன்றுகொண்டிருக்கும் தட்டில் எஞ்சியுள்ள விசையைக் கொண்டே முனையை அவசரமாக மேடைக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முனையைக் காப்பாற்றவே இது செய்யப்படுகிறது. ஆனால் இயல்பான ஏற்றத்தைவிட இது கடுமையானது; வன்தட்டு தாங்கக்கூடிய எண்ணிக்கையும் மிகக் குறைவு. நாளுக்கு நான்கைந்து முறை மின்சாரம் போகும் ஊரில், செத்த பேட்டரியை மாற்றாமல் விடுவது வன்தட்டின் ஆயுளைத் தின்னும் செயல்.

இனி, அஞ்ச வேண்டிய ஒலி. அது ஒழுங்கானது. 'டக்... டக்... டக்...' என ஏறத்தாழ சம இடைவெளியில் தொடர்ந்து கேட்கும். சில முறைகளுக்குப் பின் தட்டு சுழல்வது நிற்கும். மீண்டும் சுழலத் தொடங்கி அதே தாளம் தொடரும். தட்டில் முனை தன் இடத்தை அறிய உதவும் வழிகாட்டிக் குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. முனை பழுதானாலோ, தட்டின் பரப்பு சிதைந்தாலோ அந்தக் குறிகளைப் படிக்க முடிவதில்லை. வழி தவறிய முனை ஓரம் வரை சென்று தடுப்பில் மோதி, மீண்டும் தொடக்கத்திலிருந்து தேடுகிறது. ஒவ்வொரு மோதலும் ஒரு 'டக்'. 1990-களின் இறுதியில் 'ஸிப்' எனப்பட்ட கையடக்கத் தட்டு இயக்கிகளில் இத்தகைய ஒலி பரவலாகக் கேட்டபோது, ஆங்கிலத்தில் அதற்கு 'மரணத் தட்டல்' என்னும் பொருளில் பெயர் சூட்டப்பட்டது. அப்பெயர் பின்னர் வன்தட்டுகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

இயல்பான 'டக்' கணினி ஓய்வில் இருக்கும்போது கேட்கும், வேலை தடைபடாது. ஆபத்தான 'டக்' வேலையின் நடுவே கேட்கும். அப்போது திரை உறையும், கோப்பு திறக்க நிமிடக்கணக்கில் ஆகும், Task Manager-இல் Disk 100 சதவீதத்தில் நிற்கும், ஆனால் படிக்கும் வேகம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஒலியோடு இந்தத் திணறலும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

முதுகலை மாணவி ஒருவரிடம் ஆறு ஆண்டுகள் பழைய, 1 டிபி வன்தட்டு கொண்ட மடிக்கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பத்து நாள்களே உள்ளன. கணினியில் இரண்டு ஓசைகள் கேட்கின்றன: மெல்லிய கீச்சொலி ஒன்று, அவ்வப்போது மூன்று நான்கு 'டக்' ஒலிகள் தொடர்ச்சியாக மற்றொன்று.

முதலில் ஓசையின் இடத்தைக் கண்டறிய வேண்டும். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கணினியின் மேற்பரப்பிலும் வைத்து நகர்த்தினாலே பெருமளவு தெரிந்துவிடும். கீச்சொலி காற்றுத் துளைகளுக்கு அருகே, செயலி இருக்கும் பகுதியில் உரக்கக் கேட்கிறது. பக்கத்தை நகர்த்தினால் கூடுகிறது. சார்ஜரைக் கழற்றினால் தொனி மாறுகிறது. எனவே அது காயில் வைன். அதை அப்படியே விட்டுவிடலாம்.

'டக்' ஒலியோ உள்ளங்கை பதியும் இடத்துக்குக் கீழே கேட்கிறது. பல மடிக்கணினிகளில் வன்தட்டு அங்குதான் பொருத்தப்பட்டுள்ளது. ஒலி வரும்போதெல்லாம் திரை சில விநாடிகள் உறைகிறது.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் தவறு, பழுதைச் சரிசெய்யும் கட்டளைகளை இயக்குவது. chkdsk /r போன்ற கட்டளை தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் படிக்க வைக்கும். சாகும் தறுவாயில் உள்ள முனைக்கு அதுவே கடைசி வேலையாகிவிடக்கூடும். முதல் வேலை நகலெடுப்பதுதான். சோதனை அதன் பிறகே.

அதிலும் வரிசை முக்கியம். திரும்பப் பெற முடியாத, அளவில் சிறிய கோப்புகள் முதலில்: ஆய்வேடும் தரவுகளும் சேர்ந்து 2 ஜிபி. அடுத்து குடும்பப் புகைப்படங்கள் 40 ஜிபி. திரைப்படங்கள் கடைசி, விட்டாலும் பாதகமில்லை. நலமான வன்தட்டு விநாடிக்கு 80 எம்பி வேகத்தில் படித்தால் 40 ஜிபி நகலாக ஒன்பது நிமிடங்கள் கூடத் தேவையில்லை. பழுதுற்ற தட்டில் இதற்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒரு கோப்பில் நகல் அசையாமல் நின்றால், அதை விட்டுவிட்டு அடுத்த கோப்புறைக்குச் செல்ல வேண்டும். நின்ற இடத்தில் பிடிவாதமாகக் காத்திருப்பது முனையை மேலும் வதைக்கும்.

ஆய்வேடு பாதுகாப்பாகப் பென்டிரைவில் ஏறிய பின், வன்தட்டின் உடல்நிலையைப் பார்க்கலாம். ஒவ்வொரு வன்தட்டும் 'ஸ்மார்ட்' எனப்படும் தன்னறிக்கையைத் தனக்குள்ளேயே எழுதி வைக்கிறது. CrystalDiskInfo என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர் smartmontools-ஐ நிறுவிப் பின்வரும் கட்டளையை இடலாம்:

```
sudo smartctl -A /dev/sda
```

நீண்ட பட்டியலில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். 05 என்பது கெட்டுப்போனதால் கைவிடப்பட்டு, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. C5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் பகுதிகள். C6 என்பது திருத்தவே முடியாதவை. smartctl இவற்றை முறையே 5, 197, 198 எனக் காட்டும்.

மாணவியின் கணினியில் C5 வரியில் 000000000010 என உள்ளது. இதைப் பத்து என்று படித்தால் தவறு. CrystalDiskInfo இந்த எண்களை வழக்கமாகப் பதினாறடிமான முறையில் காட்டுகிறது; அம்முறையில் 10 என்பது 16. அதாவது 16 பகுதிகள் படிக்க முடியாத நிலையில் உள்ளன. புகைப்படங்களை நகலெடுத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பின் அதே வரியில் 28 எனத் தெரிகிறது. அது 40.

இங்கு கவனிக்க வேண்டியது எண்ணின் அளவைவிட அதன் ஓட்டம். மின்வெட்டின்போது எழுத்து பாதியில் நின்றதால் ஒன்றிரண்டு பகுதிகள் காத்திருப்பில் சேர்வதுண்டு. மாதக்கணக்கில் அவை அதே எண்ணில் நின்றால் கண்காணித்தபடி பயன்படுத்தலாம். இரண்டு மணி நேரத்தில் 16 என்பது 40 ஆவது, சிதைவு பரவுகிறது என்பதற்கான சான்று. அந்த வன்தட்டில் இனி எதையும் எழுதக் கூடாது.

மறுபுறம், பட்டியல் முழுவதும் பூஜ்யமாக இருப்பதும் நற்சான்று ஆகாது. கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் தரவு மையங்களில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். படிப்பதில் முதல் பிழை பதிவான வன்தட்டு, அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்றவற்றைக் காட்டிலும் 39 மடங்கு என்று அதில் தெரியவந்தது. அதே அறிக்கையில், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான 'ஸ்மார்ட்' எண்களில் எந்த முன்னறிவிப்பும் தராமலே நின்றுபோனதும் பதிவாகியுள்ளது. ஆகவே எண்கள் சுத்தமாக இருந்தும் ஒழுங்கான தட்டல் கேட்டால், நம்ப வேண்டியது காதைத்தான்.

முன்பே தாமதமாகிவிட்டால்

கணினியை இயக்கியதும் தட்டல் மட்டுமே கேட்கிறது, விண்டோஸ் தொடங்கவில்லை எனில் உடனே அணைத்துவிட வேண்டும். இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் பழுதான முனை தட்டின் பரப்பைச் சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எந்த நிபுணராலும் மீட்க முடியாது. குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, மெல்லத் தட்டுவது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற உபாயங்கள் இன்றும் வாய்வழியாக உலவுகின்றன. குளிரில் வைத்து எடுத்தால் தட்டின் மேல் ஈரம் படியும். திறந்தால் தூசி நுழையும். சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும் முனைக்கு ஒரு தூசித் துகள் மலைப்பாறைக்குச் சமம்.

வன்தட்டு இன்னும் கணினிக்குத் தென்பட்டு, இடையிடையே மட்டும் திணறுமானால், ddrescue என்ற இலவசக் கருவியைத் தொழில்நுட்பம் அறிந்தவர் கொண்டு இயக்கலாம். நலமான பகுதிகளை முதலில் விரைந்து நகலெடுத்து, சிக்கலான இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது அதன் முறை. முனையே பழுதாகியிருந்தால் மென்பொருள் எதுவும் பயன்படாது. தூசியற்ற அறையும் மாற்று முனைகளும் கொண்ட மீட்பகங்களையே நாட வேண்டும். செலவு பெரும்பாலும் புதிய வன்தட்டின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

மற்ற ஓசைகள்

மின்விசிறியின் 'உஸ்' ஒலி இயல்பே. 'கரகர' என உராயும் ஒலி, கணினியைச் சாய்த்தால் மாறினால், விசிறியின் தாங்கி தேய்ந்துள்ளது அல்லது இறக்கையில் தூசியோ கம்பியோ உரசுகிறது என்று பொருள். தரவுக்கு ஆபத்தில்லை, ஆனால் விசிறி நின்றுவிட்டால் கணினி சூடேறி வேகம் குறையும் அல்லது தானே அணையும் என்பதால் விரைவில் மாற்றிவிடுவது நல்லது. தூசியை ஊதி அகற்றும்போது இறக்கையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கணினி சூடேறும்போதும் ஆறும்போதும் மேலுறை எழுப்பும் ஒற்றைச் சொடுக்கு பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் டச்பேட் மேலெழும்பி இருப்பதோ, அதை அழுத்தினால் சொடுக்கு சரியாக விழாததோ, அடிப்பகுதி மேசையில் சமமாக அமராததோ உடன் சேர்ந்தால், அது பேட்டரி உப்பியதன் அறிகுறி. அந்நிலையில் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, பேட்டரியைக் குத்தாமல், அழுத்தாமல் சேவை மையத்தில் ஒப்படைக்க வேண்டும். சார்ஜர் செருகும் இடத்தில் 'சடசட' ஒலியோ கருகிய வாடையோ வந்தால், சுவரில் உள்ள சுவிட்சை முதலில் அணைத்துவிட்டே கம்பியைத் தொட வேண்டும்.

எடுத்துக்காட்டில் கண்ட மாணவியின் கணினிக்கு, அதே அளவுள்ள இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். அதில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, நகலெடுத்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து உறுதிசெய்யும் வரை பழைய வன்தட்டைத் தூக்கி எறியாமல் தனியே வைத்திருக்க வேண்டும். மாற்றிய பின் 'டக்' ஒலி அடியோடு நின்றுவிடும். பக்கத்தை நகர்த்தும்போது எழும் கீச்சொலி மட்டும் முன்போலவே கேட்டுக்கொண்டிருக்கும்.